பால் அடிபிடிப்பது ஏன்? கனமான சட்டியும் இடைவிடாத கிளறலும் அதை எப்படித் தடுக்கின்றன?

தீபாவளி நெருங்கினால் கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத் தமிழர் வீடுகளில் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் அடுத்தபடியாகப் பால்கோவா வேலை தொடங்கிவிடும். அந்த நேரத்தில் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டே விஷயம்தான். "அந்த மெல்லிசு சட்டிய எடுக்காத, கனமானத எடு." அடுத்தது, "கைய எடுக்காம கிண்டு."

இரண்டும் சரியான அறிவுரைகள். ஆனால் ஏன் என்று கேட்டால், "இல்லன்னா அடிபிடிச்சிடும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் அடிபிடிப்பதில்லை. எண்ணெயும் அப்படித்தான். பால் மட்டும் ஏன் சட்டியின் அடியில் போய் ஒட்டுகிறது? கனமான சட்டி என்ன செய்கிறது? எப்போது கிளறத் தொடங்க வேண்டும்?

பாலின் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால், இந்தக் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் கிடைக்கும்.

முதலில் ஒட்டுவது எது?

பாலில் இருக்கும் சர்க்கரைதான் அடியில் இறங்கிக் கருகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாலில் சர்க்கரை இருப்பது உண்மைதான். ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 47 கிராம் லாக்டோஸ் இருக்கும். ஆனால் அது தண்ணீரில் முழுமையாகக் கரைந்திருக்கிறது. அதனால் அடியில் போய்ப் படியாது.

முதலில் ஒட்டுவது புரதம். அதே ஒரு லிட்டர் பாலில் சுமார் 33 கிராம் புரதம் உண்டு. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன் என்ற வகை. கேசீன் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். சாதாரணக் கொதிநிலை அதை ஒன்றும் செய்யாது. மீதியுள்ள ஒரு பங்குதான் 'வே புரோட்டீன்'. ஜிம்முக்குப் போகிறவர்கள் பொடியாக வாங்கிக் கலக்கிக் குடிப்பதும் இதே வகைப் புரதம்தான்.

இந்த வே புரதத்தில் ஏறக்குறைய பாதி, பீட்டா-லாக்டோகுளோபுலின் என்ற ஒரே புரதம். ஒரு லிட்டருக்குச் சுமார் 3 கிராம் மட்டுமே இருக்கும். குளிர்ந்த பாலில் இது நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தச் சுருள் அவிழத் தொடங்குகிறது. அதுவரை உள்ளே மறைந்திருந்த ஒட்டும் பகுதிகள் வெளியே வருகின்றன. பக்கத்தில் எது இருந்தாலும் அவை பற்றிக்கொள்ளும். அது இன்னொரு புரதமாக இருக்கலாம், கேசீனாக இருக்கலாம், சட்டியின் உலோகமாகவும் இருக்கலாம்.

பாலில் உள்ள கால்சியம் பாஸ்பேட்டும் இதில் சேர்ந்துகொள்கிறது. உப்பு, சீனி போன்றவை சூடான நீரில் கூடுதலாகக் கரையும். கால்சியம் பாஸ்பேட் நேர்மாறானது. சூடு ஏற ஏற அதன் கரைதிறன் குறையும். எனவே பால் எங்கே அதிகமாகச் சூடாகிறதோ அங்கேயே அது பிரிந்து படிகிறது. அந்த இடம் எது? சட்டியின் அடிதான்.

இப்படிப் புரதமும் தாதுவும் சேர்ந்து, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு வெள்ளைப் படலமாக அடியில் ஒட்டிக்கொள்கின்றன. இதில் கருகல் எதுவும் இல்லை, வாசனையும் மாறியிருக்காது. ஆனால் அடிபிடித்தல் இங்கேயே தொடங்கிவிட்டது.

கொதிக்கும் முன்பே படலம் வந்துவிடுமா?

வந்துவிடும். பலரும் கவனிக்கத் தவறும் இடம் இதுதான்.

ஒரு லிட்டர் பாலைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து நேராக அடுப்பில் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தீ பெரிதாக இருந்தால் நான்கைந்து நிமிடத்தில் பொங்கி வந்துவிடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் அவ்வளவு வெப்பமும் சட்டியின் அடி வழியாகத்தான் பாலுக்குள் நுழைய வேண்டும். அதனால் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய பால் அடுக்கு, மேலே உள்ள பாலைவிட எப்போதும் பல டிகிரி சூடாகவே இருக்கும்.

மேலே உள்ள பால் விரல் வைத்தால் பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே, அடியில் உள்ள அடுக்கு 80 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். பார்த்தால் பால் அமைதியாக இருக்கும், ஆவிகூடச் சரியாக வந்திருக்காது. ஆனால் அடியில் புரதம் அவிழ்ந்து ஒட்டத் தொடங்கியிருக்கும்.

"கொதி வந்ததும் கிண்டிக்கலாம்" என்று விட்டுவிடுவது அதனால்தான் தவறாகப் போகிறது. கொதி வரும்போது படலம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

வெள்ளைப் படலம் எப்படிக் கருகலாக மாறுகிறது?

சட்டியில் நீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அடியில் கூடுதல் வெப்பம் வந்தால் நீர் ஆவியாகி அதை எடுத்துச் சென்றுவிடும். உலோகத்துக்கு இது ஒரு பாதுகாப்பு.

படலம் ஒட்டியதும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. பாலில் உள்ள நீர் இனி உலோகத்தை நேராகத் தொடுவதில்லை. நடுவில் ஒரு போர்வை விழுந்துவிட்டது. கீழிருந்து தீ வெப்பத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, அது மேலே போக வழி குறைகிறது. எனவே உலோகமும் அதை ஒட்டிய படலமும் 100 டிகிரியைத் தாண்டி 130, 140 என்று ஏறிவிடுகின்றன.

அந்த நிலையில் பாலின் சர்க்கரை உள்ளே வருகிறது. லாக்டோஸும் புரதமும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த வாசனையையும் உண்டாக்கும் வேதிவினைக்கு மெய்லார்ட் வினை என்று பெயர். ரொட்டி சுடும்போது மேல்பகுதி பழுப்பாவதும் இதே வினையால்தான். பால்கோவாவின் இளம் பழுப்பு நிறத்துக்கும் அதன் மணத்துக்கும் இதுவே காரணம்.

அதாவது, பால்கோவாவின் மணமும் அடிபிடித்த நாற்றமும் ஒரே வினையின் இரண்டு முனைகள். பால் முழுவதிலும் மெதுவாகப் பரவி நடந்தால் மணம். அடியில் ஒட்டிய ஒரு சிறு படலத்தில் மட்டும் கட்டுக்கடங்காமல் நடந்தால் தீய்ச்சல். பிறகு அந்தத் துணுக்குகள் பிய்ந்து மேலே மிதக்கும்போது ஐந்து லிட்டர் பாலுக்கும் அந்த நாற்றம் ஏறிவிடும். ஏலக்காயோ சீனியோ எவ்வளவு போட்டாலும் அதை மறைக்க முடியாது.

கனமான சட்டி உண்மையில் என்ன செய்கிறது?

கனமான சட்டி வெப்பத்தைக் குறைக்கிறது என்பது பொதுவான எண்ணம். அப்படியல்ல. அது வெப்பத்தைப் பரப்புகிறது.

கேஸ் அடுப்பில் தீ ஒரு வளையமாகத்தான் எரிகிறது. சட்டியின் அடியில் அந்த வளையம் படும் இடத்துக்கு மட்டும் நேரடித் தீ கிடைக்கும். மெல்லிய சட்டியில் அந்த வெப்பம் பக்கவாட்டில் போக இடமில்லை. கீழே பட்டதும் நேராக மேலே ஏறிப் பாலைச் சுடுகிறது. தடித்த அடி உள்ள சட்டியில் வெப்பம் மேலே வருவதற்குள் உலோகத்துக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடிப் பரவிக்கொள்கிறது. அதே அளவு வெப்பம்தான், ஆனால் அகலமான பரப்பின் வழியாக நுழைகிறது. எந்த ஒரு இடமும் மிஞ்சிச் சூடாவதில்லை.

இதற்குச் சாட்சி உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் பால் அடிபிடித்தால் அந்தக் கறையைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது வட்டமாக, அடுப்பின் தீ வளையத்தை அச்சு எடுத்தது போலவே இருக்கும்.

கனம் மட்டும் போதாது, உலோகமும் முக்கியம். எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவதில் மிக மோசமானது. அலுமினியம் அதைவிட ஏறக்குறைய 15 மடங்கு நன்றாகக் கடத்தும். பித்தளை சுமார் 7 மடங்கு, வார்ப்பிரும்பு சுமார் 3 மடங்கு. எனவே மெல்லிய எவர்சில்வர் பாத்திரம் பாலுக்கு இரண்டு வகையிலும் பாதகமானது. அதில் தடிமனும் இல்லை, கடத்தலும் இல்லை. இப்போது கடைகளில் கிடைக்கும் நல்ல எவர்சில்வர் சட்டிகளின் அடியில் ஓர் அலுமினிய அடுக்கை நடுவில் வைத்து ஒட்டியிருப்பார்கள். பரப்பும் வேலையை அந்த அலுமினியம்தான் செய்கிறது.

பாட்டி காலத்து வெண்கல உருளியும் ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரமும் பால் வேலைக்கு ஏற்றவையாக இருந்ததற்கும் இதுவே காரணம். தடித்த வார்ப்பு, நல்ல கடத்தல், அகன்ற வாய்.

உங்கள் சட்டி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு. நான்-ஸ்டிக் அல்லாத காய்ந்த சட்டியில் மைதா மாவை மெல்லிசாகத் தூவி, மிதமான தீயில் வையுங்கள். மாவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மெல்லப் பழுத்தால் நல்ல சட்டி. ஒரு வளையம் மட்டும் சட்டென்று பழுப்பானால், பாலும் அதே வளையத்தில்தான் அடிபிடிக்கும்.

கனமான சட்டிக்கும் ஒரு குறை இருக்கிறது. அது வெப்பத்தைத் தனக்குள் சேர்த்து வைத்திருக்கும். தீயை அணைத்த பிறகும் சில நிமிடங்கள் சுட்டுக்கொண்டே இருக்கும். கோவா இறுகும் கட்டத்தில் "அடுப்ப அணைச்சாச்சு" என்று கரண்டியை வைத்துவிட்டுப் போனால், அணைந்த அடுப்பின் மேலேயே அடிபிடிக்கும்.

கிளறுவது எதைத் தடுக்கிறது?

கிளறும்போது இரண்டு வேலை நடக்கிறது. முதலாவது, அடியில் தேங்கி நிற்கும் சூடான பால் அடுக்கு அங்கிருந்து விலகி, மேலே உள்ள குளிர்ந்த பாலோடு கலக்கிறது. அதனால் அடியின் சூடு இறங்குகிறது. இரண்டாவது, புதிதாக ஒட்டிய புரதம் கெட்டிப்படும் முன்பே வழித்து எடுக்கப்படுகிறது.

இந்த இரண்டாவது வேலைக்குக் குழிக்கரண்டி உதவாது. அதன் வளைந்த முனை சட்டியின் அடியை ஒரு புள்ளியில்தான் தொடும். நேரான விளிம்புள்ள மரத் துடுப்போ தட்டைக் கரண்டியோ வேண்டும். அடி முழுவதையும் வரிசையாக வழித்து, அடியும் பக்கச்சுவரும் சேரும் ஓரத்தையும் சுற்றி வர வேண்டும். நடுவில் மட்டும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தால் பால் சுழலும், ஓரத்தில் படலம் வளரும்.

கெடாவில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. மலாய்க்காரர் வீடுகளில் பெருநாளுக்கு டோடோல் கிண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய காவா சட்டி, துடுப்பு போன்ற நீளமான அகப்பை, ஆள் மாற்றி ஆள் மணிக்கணக்காகக் கிண்டுவார்கள். அங்கே தேங்காய்ப்பால், சீனி, புளூட் அரிசி மாவு. பொருள் வேறு, ஆபத்து ஒன்றுதான். கலவை கெட்டியாகிவிட்டால் அது தானாகப் புரளாது, ஆள்தான் புரட்ட வேண்டும்.

ஒரு லிட்டர் பால் கோவா ஆகும்போது

தமிழ்நாட்டில் விருதுநகர் மாவட்டத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர், ஆண்டாள் கோயிலோடு பால்கோவாவுக்கும் பெயர் பெற்றது. அந்தப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சீனியும்தான் பொருள். அகன்ற கனமான சட்டியும் இடைவிடாத கிளறலும்தான் முறை. அதே வேலையை கூலிமில் ஒரு வீட்டு அடுப்பில், ஒரு லிட்டர் பாலில் செய்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 900 கிராம் தண்ணீர். அதில் சுமார் 750 கிராம் ஆவியாகிப் போனால்தான் கோவா திரளும். பாலைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல் இந்த நீரை ஆவியாக்க வேண்டும். மிதமான தீயில் முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். அந்த முக்கால் மணி நேரமும் ஒரே மாதிரியானது அல்ல.

முதல் கட்டம், குளிர்ந்த நிலையிலிருந்து கொதி வரும்வரை. படலம் தொடங்கும் நேரம் இது. தீயை மிதமாக வைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு முறையாவது அடியை வழித்துவிட வேண்டும்.

இரண்டாம் கட்டம், கொதி வந்ததிலிருந்து பால் பாதியாகும்வரை. மொத்த வேலையில் இதுதான் சற்று நிம்மதியான பகுதி. பால் இன்னும் நீர்த்தே இருப்பதால், அடியிலிருந்து எழும் குமிழிகளே அதைப் புரட்டிவிடுகின்றன. ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை வழித்தால் போதும். பக்கச்சுவரில் ஒட்டும் ஏட்டையும் உள்ளே தள்ளிவிடுங்கள்.

மூன்றாம் கட்டம், பாதியிலிருந்து கால் பங்கு ஆகும்வரை. இங்கேதான் பெரும்பாலான கோவா கெடுகிறது. பால் கால் பங்காகும்போது அதில் உள்ள புரதமும் சர்க்கரையும் நான்கு மடங்கு அடர்த்தியாகிவிடுகின்றன. கலவை கெட்டியாகி, குமிழிகள் ஓடாமல் 'பொளக் பொளக்' என்று ஒரே இடத்தில் வெடிக்கும். இனி தானாகப் புரளாது. தீயைக் குறைத்து, கையை எடுக்காமல் கிளற வேண்டிய நேரம் இது. "கைய எடுக்காம கிண்டு" என்று பெரியவர்கள் சொல்வது முழுக்கப் பொருந்தும் இடமும் இதுதான்.

சீனியை இந்தக் கட்டத்தின் கடைசியில் சேர்ப்பது வீட்டுச் சமையலுக்குப் பாதுகாப்பானது. ஒரு லிட்டருக்குச் சுமார் 100 கிராம் போதும். சேர்த்ததும் கலவை இளகும். சீனி கரைந்து பாகாவதால் அப்படி ஆகிறது, பயப்பட வேண்டாம். கிளறிக்கொண்டே இருந்தால் மறுபடி இறுகும். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது தீயை அணைத்து, உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எந்தப் பால் சீக்கிரம் அடிபிடிக்கும்?

எல்லாப் பாலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நீண்டநாள் கெடாத யுஎச்டி பாக்கெட் பாலில், தொழிற்சாலையில் கொடுத்த கடும் வெப்பத்தால் வே புரதத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே அவிழ்ந்து கேசீனோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டியில் ஒட்ட மிச்சம் குறைவு. அதனால் முதல் கட்டத்தில் அது சற்றுக் குறைவாகவே படியும். கெட்டியாகும் கட்டத்தில் அந்தச் சலுகை இல்லை.

மாட்டுக்காரரிடம் நேராக வாங்கும் கறந்த பாலில் வே புரதம் முழுசாக இருக்கும். கவனம் முதல் நிமிடத்திலிருந்தே தேவை.

லேசாகப் புளிக்கத் தொடங்கிய பால் மிக ஆபத்தானது. நல்ல பாலின் பி.எச். அளவு சுமார் 6.7. அது கொஞ்சம் இறங்கினாலே புரதம் ஒட்டும் வேகம் கூடிவிடும். குடித்தால் புளிப்பு தெரியாத பாலும் அடுப்பில் காட்டிக்கொடுத்துவிடும். "நேத்து வாங்கின பால்தானே, கோவா கிண்டிடலாம்" என்று மிச்சப் பாலைத் தீர்க்கப் பார்த்தால் அடிபிடிக்க வாய்ப்பு அதிகம்.

பால்மாவு கரைத்துச் செய்கிறவர்கள் அதை வெதுவெதுப்பான நீரில் கட்டியில்லாமல் கரைத்து, வடிகட்டிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். கரையாத கட்டி நேராக அடியில் இறங்கி ஒட்டும்.

அடிபிடித்துவிட்டது என்று எப்படித் தெரியும்? பிறகு என்ன செய்யலாம்?

வாசனை வருவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். வழுக்கிக்கொண்டு போன கரண்டி, ஓரிடத்தில் சொரசொரவென்று தட்டுப்படும். அடுத்த அறிகுறி, பாலில் மிதக்கும் பழுப்புத் துணுக்குகள். மூன்றாவதுதான் நாற்றம்.

கரண்டி தட்டுப்பட்டவுடன் வேகமாகச் சுரண்டாதீர்கள். சுரண்டினால் ஒட்டியிருந்தது பிய்ந்து பால் முழுதும் கலக்கும். அடுப்பை அணைத்து, அடியைத் தொடாமல் மேலே உள்ள பாலை மட்டும் வேறொரு சுத்தமான சட்டிக்கு ஊற்றிவிடுங்கள். நாற்றம் ஏறும் முன் இதைச் செய்தால் பால் பிழைத்துவிடும். ஏறிய பிறகு வழி இல்லை.

வெறுமனே பால் காய்ச்சுவதுதான் தேவை என்றால், இரட்டைச் சுவருள்ள விசில் பால் குக்கர் நல்ல தீர்வு. சுவர்களுக்கு இடையே தண்ணீர் இருப்பதால் பாலைத் தொடும் உலோகம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், அடிபிடிக்காது. ஆனால் அதே காரணத்தால் அதில் பாலைச் சுண்டவைத்துக் கோவா செய்ய முடியாது.

கறை பிடித்த எவர்சில்வர் சட்டியைச் சுத்தம் செய்வதற்கும் மேலே சொன்ன வேதியியலே வழிகாட்டும். ஒட்டியிருப்பது புரதமும் தாதுவும். புரதம் காரத்துக்கு இளகும், தாது அமிலத்துக்குக் கரையும். பால் தொழிற்சாலைகளும் தங்கள் குழாய்களை இதே வரிசையில்தான் கழுவுகின்றன. காஸ்டிக் சோடா ஒரு முறை, பிறகு நைட்ரிக் அமிலம். வீட்டில் அவ்வளவு வேண்டாம். சட்டியில் தண்ணீர் ஊற்றி, இரண்டு கரண்டி சமையல் சோடா போட்டுக் கொதிக்கவிட்டு ஊறவையுங்கள். அதைக் கொட்டிக் கழுவிய பிறகும் வெள்ளைப் படிவு தெரிந்தால் கொஞ்சம் வினிகர் ஊற்றித் தேய்த்தால் போய்விடும்.

அலுமினியச் சட்டியில் மட்டும் சோடா வேண்டாம், உலோகம் கறுத்து அரிக்கும். அதை வெந்நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, மரக்கரண்டியால் மெல்லத் தள்ளி எடுப்பதே நல்லது.